எனக்கொருத்திக்கு என்னத்தைப் பொங்கறது

திருச்செங்கோட்டிலிருந்து போர் போடும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. ஒரு ரிக், அதற்குத் துணையாக ஒரு சப்போர்ட் லாரி, கூடவே ஒரு கூட்டம் ஆட்கள். மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். அந்தத் தொழில் இந்த ஊருக்குக் கொண்டுவந்த காசைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. வண்டி கிளம்பிப் போன பிறகு அந்த வீடுகளின் சமையலறையில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. கணவர் ரிக்கில். ஒரே பையன் நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் டூ. நாற்பது வயதைத் தாண்டிய அந்தப் பெண் காலையில் டீயும் பன்னும், மத்தியானம் எதுவுமில்லை, ராத்திரி மறுபடி டீயும் ரஸ்க்கும் என்று நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அரிசி, பருப்பு, கேஸ், மிக்ஸி எல்லாம் இருந்தன. பக்கத்து வீட்டு அம்மாதான் முதலில் கவனித்தது.

"என்ன கண்ணு, மூணு நாளா குக்கர் சத்தமே கேக்கல?"

"எனக்கொருத்திக்கு என்னத்தைப் பொங்கறதுங்க்கா."

இந்தப் பதிலைச் சேலம், நாமக்கல் பக்கம் சொல்லாத பெண் இல்லை. கேட்பவர்கள் இதைச் சிக்கனமாகவோ சோம்பலாகவோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா நகரவில்லை. அவர் பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையில் இருபது வருஷம் தார் சுற்றியவர். நின்றுகொண்டே ஷிப்டு பார்த்துவிட்டு வந்து நாலு பேருக்கு ஆக்கிப்போட்ட உடம்பு அது. முடியாதபோது எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்று அதற்குத் தெரியும்.

சமையல் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம், உடைத்துப் பார்த்தால் அதற்குள் நாலைந்து வேலைகள் இருக்கின்றன. என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். சாமான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உரிக்க, நறுக்க வேண்டும். அடுப்படியில் நிற்க வேண்டும். பிறகு பாத்திரம் கழுவ வேண்டும். மனசு சோர்ந்தவருக்கு இதில் எந்தப் படியில் கால் இடறுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு முடிவெடுப்பதே மலை. சிலருக்கு முந்தைய நாள் பாத்திரம் தொட்டியில் கிடப்பதைப் பார்த்ததும் திரும்பிப் படுத்துக்கொள்ளத் தோன்றும். இடறுகிற படியைக் கண்டுபிடிக்காமல் சமையல் குறிப்பு கொடுப்பதில் பயனில்லை. யூடியூபில் 'பத்தே நிமிஷத்தில்' என்று வருகிற சமையல் எல்லாம் பெரும்பாலும் நறுக்கி, அரைத்து, கிண்ணம் கிண்ணமாக எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பத்து நிமிஷத்தை எண்ணத் தொடங்குகிறது. கிண்ணங்களைக் கழுவுகிறவர் திரையில் வருவதில்லை.

இந்தப் பெண்ணுக்கு இடறியது இரண்டு இடம். ஒன்று, தினமும் என்ன செய்வது என்ற கேள்வி. இரண்டு, சின்ன வெங்காயம் உரிப்பது. இரண்டாவதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். கொங்குச் சமையலில் சின்ன வெங்காயம் இல்லாமல் எதுவும் தொடங்காது, அதை உரிக்கிற நேரம் சோர்ந்த ஆளுக்குப் பெரிய நேரம்.

பக்கத்து வீட்டு அம்மா சொன்ன தீர்வில் புதுமை எதுவும் இல்லை. அரிசிம்பருப்பு. சேலத்துக்கு மேற்கே இந்தச் சோறு செய்யத் தெரியாத வீடு கிடையாது. காட்டு வேலைக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வந்து, குழம்பும் பொரியலும் வைக்கத் தெம்பில்லாத கைகளுக்கென்றே அமைந்த சோறு இது. அரிசியும் துவரம்பருப்பும் ஒரே பானையில் வேகும். குழம்பு தேவையில்லை. இன்று கோயமுத்தூர் ஓட்டல்களில் நெய் மிதக்க, அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல் சகிதம் கொங்குப் பாரம்பரியமாக விற்கிறார்கள். விற்கட்டும். அதன் அசல் குணம் மிச்சப்படுத்துவதுதான்: விறகை, பாத்திரத்தை, நிற்கிற நேரத்தை.

ஒருவருக்கான அளவு இது. அரை டம்ளர் அரிசி, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு. இரண்டையும் சேர்த்தே கழுவி, சின்ன குக்கரில் போட்டு, அதே டம்ளரால் இரண்டு டம்ளர் தண்ணீர். இதோடு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, சீரகம் அரை ஸ்பூன், உப்பு, இரண்டு வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, நாலு பல் பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட வேண்டும். தோல் வெந்து தனியே ஒதுங்கிவிடும், சாப்பிடும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடலை எண்ணெய் ஒரு ஸ்பூன் மேலே ஊற்றி மூடிவிட வேண்டியதுதான். தாளிப்பு இல்லை, வதக்கல் இல்லை, வெங்காயம் இல்லை. நாலு விசில், பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தானாக அடங்கும்வரை விட்டுவிடலாம். அடங்குகிற அந்த நேரத்தில்தான் பாதி வேக்காடு நடக்கிறது. அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் பருப்பு நடுவில் கல்லாக நிற்கும்.

தாளித்து வதக்கிச் செய்ததற்கும் இதற்கும் ருசியில் வித்தியாசம் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். கடுகு பொரிந்த வாசமும் வெங்காயம் சிவந்த இனிப்பும் இதில் வராது. ஆனால் மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் பலருக்குத் தாளிக்கிற வாசமே குமட்டுகிறது. அப்படிப்பட்டவருக்கு இந்த மொட்டைச் சோறுதான் உள்ளே இறங்கும். கொஞ்சம் தெம்பு வந்த நாளில் வெங்காயத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை பெரிய வெங்காயம் ஒன்றை நாலாக வெட்டிப் போட்டாலும் வேலை நடக்கும்.

இந்தப் பக்கத்தில் செய்கிறவர்களுக்கு வருகிற ஒரு கோளாறைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை பருப்பு வேகாமல் போனால் சோர்ந்தவர் இரண்டாம் தடவை முயல மாட்டார். போர்த் தண்ணீர்தான் காரணம். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரில் பருப்பு இறுகிக்கொண்டு எளிதில் மசியாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பார்த்தால் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற வீடுகளில் நாலு விசிலில் மசிகிற அதே பருப்பு, போர்த் தண்ணீரில் ஆறு விசிலுக்கும் முறைத்துக்கொண்டு நிற்கும். குடிக்கிற கேன் தண்ணீரில் வேகவைத்தால் சரியாகிவிடும். இல்லையென்றால் டீ போடுகிற நேரத்திலேயே அரிசியையும் பருப்பையும் ஊறப்போட்டுவிடலாம். மளிகைக்கடையில் வருஷக்கணக்கில் கிடந்த பழைய பருப்பும் இதே வேலையைக் காட்டும். அதற்குப் பாசிப்பருப்புக்கு மாறுவதுதான் வழி, அது எந்தத் தண்ணீரிலும் அடம்பிடிக்காது.

இனி முட்டை. நாமக்கல் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு முட்டையை விட்டுவிட்டு உணவைப் பற்றி எழுத முடியாது. தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்களுக்கும் கேரளத்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் இங்கிருந்துதான் முட்டை போகிறது. தினமும் நாமக்கல் பண்ணை விலை என்று நாளிதழில் பைசாக் கணக்கில் வருகிறது. இவ்வளவும் இருந்தும் அந்தப் பெண் முட்டை சாப்பிடாததற்குக் காரணம் அவித்துத் தனியாக இன்னொரு பாத்திரம் கழுவ வேண்டும் என்பதுதான். அதற்கும் ஒரு வழி இருந்தது. அரிசியையும் பருப்பையும் குக்கருக்குள் நேராகப் போடாமல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்து, குக்கர் அடியில் ஊற்றுகிற தண்ணீரில் கழுவிய முட்டையைப் போட்டுவிடுவது. சோறு வேகும்போது முட்டையும் வெந்துவிடும். பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் ஓடு வெடிக்கக்கூடும், கொஞ்ச நேரம் வெளியே வைத்திருக்க வேண்டும். இத்தனை நேரம் வெந்ததில் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் ஒன்று தெரியும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, கருவில் இருக்கிற இரும்பும் வெள்ளையில் இருக்கிற கந்தகமும் சேர்ந்து செய்கிற நிறம். தயங்காமல் சாப்பிடலாம்.

ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. மேலே சொன்ன அளவு அரிசிம்பருப்பில் ஏறக்குறைய பதினைந்து. ஆக ஒரு வேளையில் இருபதுக்கு மேல். டீயும் ரஸ்க்கும் இதில் பாதிகூடத் தராது. சோர்ந்தவர்களுக்கு இந்தப் பக்கம் உடனே நீட்டப்படுவது ஜவ்வரிசிக் கஞ்சி. சேலம் ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊர், 1981 முதல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே அதற்காக இயங்குகிறது, சுற்றியிருக்கிற வயலெல்லாம் குச்சிக்கிழங்கு. அதனால் இதைச் சொல்வது ஊர்த்துரோகமாகப் படலாம். ஜவ்வரிசி என்பது கிழங்கு மாவு மட்டும். வயிற்றைக் குளிர வைக்கும், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும், வாந்தி வயிற்றுப்போக்குக்குப் பிறகு ஒரு வேளைக்கு நல்லது. புரதம் என்று அதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பாலில் காய்ச்சினால் பாலில் இருப்பதுதான் கிடைக்கும். அதையே தினமும் குடித்துவிட்டுத் தெம்பில்லை என்று படுத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுப்பையே பற்றவைக்க முடியாத நாட்கள் உண்டு. அந்த நாட்களைக் கடக்கத்தான் பழைய சோறு. முடிகிற நாளின் கை முடியாத நாளுக்கு முன்கூட்டியே சமைத்து வைப்பது அது. ராத்திரி வெறும் சோறு வடித்து, ஆறியதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் காலையில் மோர், உப்பு, ஊறுகாயோடு ஒரு வேளை முடிந்தது. கழுவ வேண்டியது ஒரு பாத்திரம். இதில் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். அரிசிம்பருப்பு மீந்தால் அதில் தண்ணீர் ஊற்றி வைக்கக் கூடாது, பருப்பு சேர்ந்தது சீக்கிரம் கெடும், அது பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். அடுத்து, சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் பாதிச் சூட்டில் மணிக்கணக்கில் வெளியே போட்டுவிட்டுப் பிறகு நினைவு வந்து ஊற்றக் கூடாது. சோற்றில் வளர்கிற ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது, நாற்றமும் காட்டாது. லேசான புளிப்பு வாசம் நல்லது. கையில் எடுத்தால் நூல் நூலாக வழுவழுத்தாலோ வேறு நிறம் பூத்திருந்தாலோ கொட்டிவிட வேண்டும். சித்திரை வெயிலில் பத்து மணிநேரம் என்பதே அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மூன்று வேளை உணவல்ல, சோறு சோறுதான்.

அதுவும் இல்லாத நாளைக்கு ஒரு டப்பாவில் வறுத்த நிலக்கடலையும் வெல்லமும், கூட வாழைப்பழம். சேலத்தில் இருந்தால் சாயங்காலம் தெருமுனைக்கு நடந்துபோய் ஒரு தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் சட்னியும். சத்துணவு என்று யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள். ஆனால் அதற்காக வீட்டை விட்டு நூறடி நடந்து, கடைக்காரரிடம் 'காரம் கம்மியாப் போடுங்க' என்று ஒரு வாக்கியம் பேசியாக வேண்டியிருக்கிறது. சில வாரங்களில் ஒருவர் இன்னொரு மனிதரிடம் பேசிய ஒரே வாக்கியமாக அது இருக்கக்கூடும்.

இங்கே என் மனதை விட்டுப் போகாத ஒன்று. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று நம் ஊர்களில் வழக்கம். உறவுக்காரர்களும் பக்கத்து வீட்டாரும் சோறு ஆக்கிக் கொண்டுவருவார்கள். தீட்டு என்று அதற்குக் காரணம் சொன்னாலும், துக்கத்தில் இருக்கிறவரால் சமைக்க முடியாது, சமைத்ததைச் சாப்பிடச் சொல்லியும் வற்புறுத்த வேண்டும் என்பதை ஊர் கண்டுவைத்திருக்கிறது. யாரும் வாசலில் நின்று 'சாப்பாடு வேணுமா?' என்று கேட்பதில்லை. வேண்டாம் என்றுதான் பதில் வரும் என்று தெரியும். தூக்குப் போசியோடு வந்து, இலையைப் போட்டு, உட்கார வைத்துவிடுவார்கள். பிணம் இல்லாத துக்கத்துக்கு இந்த ஏற்பாடு கிடையாது. கணவர் நன்றாக இருக்கிறார், மாதாமாதம் பணம் வருகிறது, பையன் படிக்கிறான். அப்புறம் இந்தப் பெண்ணுக்கு என்ன குறை என்று ஊர் கேட்கும். அவளே அதைத்தான் தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். மூன்று நாளாகக் குக்கர் சத்தம் கேட்காததைக் கணக்கு வைத்திருந்த ஒரு பக்கத்து வீட்டுக் காது அபூர்வம். காம்பவுண்டுச் சுவர் வைத்த புது வீடுகளில் அந்தக் காதும் எட்டாது.

அந்த அம்மா செய்ததில் சமையல் குறிப்பைவிட ஒரு ஏற்பாடுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. 'எனக்கும் சேத்து ஒரு டம்ளர் போடு கண்ணு, என்னாலயும் முடியல' என்று சொல்லித் தன் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முடியவில்லை என்பது பாதி உண்மை. தனக்கொருத்திக்குப் பொங்காதவள் இன்னொருவருக்கு என்றால் பொங்குவாள் என்று அவருக்குத் தெரியும். இதில் ஒரு நெருடலும் உண்டு. நம் பெண்கள் தங்களுக்காக அடுப்பு மூட்டப் பழக்கப்படவே இல்லை என்பதைத்தான் இந்தத் தந்திரம் பயன்படுத்திக்கொள்கிறது. நெருடலோடேயே அது வேலை செய்தது. திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு அரிசிம்பருப்பு என்று கிழமையே நிர்ணயமாகிவிட்டதால் என்ன செய்வது என்ற கேள்வியும் ஒழிந்தது. பசி எடுக்கட்டும் என்று காத்திராமல் ஒரு மணிச் செய்தி வந்தால் தட்டை எடுப்பது என்று அந்தப் பெண் வைத்துக்கொண்டார். மனச்சோர்வில் பசி மணி சரியாக அடிக்காது, கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு மாதம் இப்படிச் சாப்பிட்டும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. சாப்பாட்டால் சரிசெய்ய முடிகிற சோர்வுக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் எட்டரை. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தாலே சோகைதான். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த நிலையில் இருப்பதாக அரசின் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. ஆகவே மனசு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற பலருக்கு ரத்தமும் சரியில்லை, தைராய்டும் சரியில்லாமல் இருக்கலாம். இரண்டும் ஒரே ஊசியில் எடுத்த ரத்தத்தில் தெரிந்துவிடும். இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். டீயோடு விழுங்கினால் அதில் பாதி வீண், டீ இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. டீக்கும் மாத்திரைக்கும் இடையே ஒன்றிரண்டு மணிநேரம் வேண்டும், எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கருப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, இருந்தென்ன என்று தோன்றத் தொடங்கியிருந்தால் அதற்கு மாத்திரையும் அரிசிம்பருப்பும் போதாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடனே யாரிடமாவது பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இந்தப் பெண் அந்த எண்ணுக்கும் கூப்பிட்டார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

தீபாவளிக்கு ரிக் ஊருக்குத் திரும்பியது. வந்த மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, இன்னைக்கும் அரிசிம்பருப்பா என்று கணவர் கேட்டிருக்கிறார். ரிக்கில் ஆள் மாற்றி ஆள் சமைப்பார்கள், அவருக்குக் கோழிக்குழம்பு நன்றாக வரும் என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அடுப்படி அங்கதானே இருக்குதுங்க, போய் வெச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் முட்டையை உரித்துக்கொண்டிருந்தாராம். அவர் வைத்தார். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் சொன்னார்.